வீட்டுக்கு வருபவருக்கு எந்த லொகேஷன் அனுப்புவது?

வாட்ஸ்அப்பில் லொகேஷனைத் தொட்டால் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று Send your current location, இன்னொன்று Share live location. 'லைவ்' என்றாலே துல்லியம் என்று நினைத்து அதையே பலரும் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் லைவ் காட்டுவது உங்கள் வீட்டை அல்ல, உங்கள் போன் இருக்கும் இடத்தை.

விழுப்புரத்திலிருந்து சித்தி குடும்பம் காரில் தாம்பரத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லைவுக்கு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே கெடு. ஒரு மணி நேரம் கொடுத்தால், கார் தாம்பரத்தை நெருங்குவதற்கு வெகு முன்பே அது முடிந்துவிடும். எட்டு மணி நேரம் கொடுத்துவிட்டு நீங்கள் வாழை இலை வாங்க மார்க்கெட்டுக்குப் போனால், புள்ளியும் கூடவே போகும். சித்தப்பா அப்போது பார்த்து வழி கேட்டால், மேப் அவரை இலைக்கடைக்குத்தான் கூட்டிப்போகும்.

வீடு நகராது. அதற்கு நிலையான பின்தான் சரி. கெடு கிடையாது, காலையிலேயே அனுப்பிவிடலாம்.

ஆனால் பின்னும் தவறலாம். மூன்றாம் மாடி ஹாலில் உட்கார்ந்துகொண்டு அனுப்பினால், கான்கிரீட்டுக்குள் ஜிபிஎஸ் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வைஃபை, செல்போன் கோபுரங்களை வைத்து போன் உத்தேசமாக ஓர் இடத்தைச் சொல்லும். அனுப்பும் முன் Accurate to 40 meters என்பதுபோல் ஒரு வரி தெரியும். யாரும் அதைப் படிப்பதில்லை. நெருக்கமான தெருக்களில் 40 மீட்டர் என்பது பின்பக்கத் தெரு. மேப் பின்னுக்கு அருகிலுள்ள சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வந்தாயிற்று என்று சொல்லிவிடும். எதிரே உங்கள் குடியிருப்பின் பின்பக்கச் சுவர் மட்டும் இருக்கும்.

அதனால் கீழே இறங்கி கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். அந்த எண் பத்துக்குள் இறங்கும்வரை சற்றுப் பொறுத்து அனுப்புங்கள். வெளியூரில் இருக்கிறீர்களா? கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தை வைத்து, கேட் இருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பின் விழும். அதை ஷேர் செய்யலாம். எப்படி அனுப்பினாலும், அனுப்பிய பின்னை நீங்களே திறந்து, வேறோர் இடத்திலிருந்து வழி கேட்டுப் பாருங்கள். நீலக்கோடு எந்தத் தெருவில் முடிகிறது என்று பார்த்தால் போதும். கூடவே "பச்சை கேட், எதிரில் அயர்ன் வண்டி" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கடைசி இருபது அடிக்கு அதுதான் உதவும்.

லைவ் அனுப்ப வேண்டியவர் வருபவர்தான். சித்தப்பா ஓட்டுவார், சித்தி தன் போனிலிருந்து அனுப்பட்டும். கார் வண்டலூர் தாண்டுவதைப் பார்த்துச் சாதத்தை அடுப்பில் வைக்கலாம். தெருமுனையில் திரும்பும்போது கேட்டைத் திறக்கலாம். புள்ளி அசையாமல் நின்றால், கார் நின்றுவிட்டது என்று பதறாதீர்கள், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். வழியில் நெட் போயிருக்கலாம். வந்து சேர்ந்ததும் சித்தியின் போனில் Stop sharing அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கெடு முடியும்வரை ஓடிக்கொண்டே இருந்து சார்ஜைத் தின்றுவிடும்.