ரியாத்துக்குக் கிளம்பும் சைட் இன்ஜினீயர் எழுத வேண்டிய கடிதம்

கட்டுமானத் தொழிலில் பல விலகல் கடிதங்கள் கடிதமாகவே எழுதப்படுவதில்லை. காங்கிரீட் ஓடிக்கொண்டிருக்கும்போது திட்ட மேலாளரிடம் "சார், சவுதியில வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் கிளம்புறேன்" என்று வாயால் சொல்வதோ, இரவில் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புவதோடோ விஷயம் முடிந்துவிடும். மேலாளரும் "சரிப்பா, பார்த்துக்கலாம்" என்பார். சிக்கல் தெரிய வருவது பிறகுதான். ரியாத்தில் போய் இறங்கியவர் சவுதி பொறியாளர் கழகத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அங்கே கேட்கும் அனுபவச் சான்றிதழைத் தர வேண்டிய அலுவலகமோ, "நீங்கள் எப்போது விலகினீர்கள் என்பதற்கு எங்களிடம் பதிவே இல்லை" என்று சொல்லும்.

ஆகவே வெளிநாட்டுத் திட்டத்துக்குப் போகும் பொறியாளரின் விலகல் கடிதத்தில் மற்றவர்கள் எழுதும் கடிதத்தைவிட இரண்டு வேலைகள் கூடுதல். விலகும் தேதியை அது எந்தச் சந்தேகமும் இல்லாமல் பதிய வேண்டும். சைட்டில் அவர் பொறுப்பில் இருந்த ஒவ்வொன்றும் எந்த நிலையில் கைமாறியது என்பதற்கும் அது அடித்தளமாக வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரகடம் பக்கம் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டும் காண்ட்ராக்டரிடம் ஒரு பொறியாளர் 2021 ஆகஸ்ட் 1-ல் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். ரியாத் திட்டமொன்றிலிருந்து அவருக்கு வேலை உத்தரவு வருகிறது. மருத்துவப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. நியமன உத்தரவில் முன்னறிவிப்புக் காலம் 60 நாள் என்று இருக்கிறது. 2026 மார்ச் 3-ல் கடிதம் கொடுத்தால், மறுநாளிலிருந்து எண்ணி மே 2 கடைசி நாள்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"பொருள்: சைட் இன்ஜினீயர் பொறுப்பிலிருந்து விலகல். ஐயா, வெளிநாட்டில் ஒரு திட்டப் பணி ஏற்றிருப்பதால் என் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். நியமன உத்தரவின்படி 60 நாள் முன்னறிவிப்பு இன்று தொடங்குகிறது. 2.5.2026 என் கடைசி வேலை நாள். அளவுப் பதிவுகள், கம்பிக் கணக்கு, நிலுவையில் உள்ள சோதனைகள் ஆகியவற்றின் ஒப்படைப்புப் பட்டியலை ஏப்ரல் 15-க்குள் தருகிறேன். அதற்குள் பொறுப்பேற்பவரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன். சேரும்போது அலுவலகத்தில் ஒப்படைத்த என் மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தரவும், பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் வழங்கவும் வேண்டுகிறேன்."

போகும் நிறுவனத்தின் பெயரும் சம்பளமும் கடிதத்தில் வேண்டாம். அவற்றைச் சொல்வதால் எந்த லாபமும் இல்லை, விசா தள்ளிப்போனால் தேவையற்ற பேச்சுதான் கிளம்பும். சம்பள பாக்கி, மேலாளரோடு மனக்கசப்பு போன்றவை இருந்தால் தனிக் கடிதமாக எழுதலாம். இந்தக் கடிதம் பல வருடம் கழித்தும் கோப்பிலிருந்து எடுத்துப் படிக்கப்படலாம். தேதியும் பொறுப்பும் மட்டும் அதில் இருந்தால் யாருக்கும் குழப்பம் வராது.

தாளில் கொடுத்தால் நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்க வேண்டும். அதே நாளில் மனிதவளப் பிரிவுக்கும் திட்ட மேலாளருக்கும் மின்னஞ்சலும் போக வேண்டும், அதுவும் சொந்த மின்னஞ்சல் முகவரியை நகலில் சேர்த்து. அலுவலக முகவரி கடைசி நாளன்றே முடக்கப்படும். அதிலிருந்து மட்டும் அனுப்பியவரிடம் பிறகு ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

இனி சைட்டுக்கு வரலாம். காண்ட்ராக்டர்கள் பாக்கித் தொகையை நிறுத்திவைக்கச் சொல்லும் காரணங்களில் கம்பிக் கணக்கு முக்கியமானது. நம் கணக்கில் சைட்டுக்கு வந்த கம்பி 84.6 டன். வரைபடத்தை வைத்துப் போட்ட கம்பி வளைப்புப் பட்டியல்படி கட்டடத்துக்குள் போனது 77.8 டன். யார்டில் இருப்பு 3.9 டன், துண்டுக் கம்பி 1.7 டன். கூட்டினால் 83.4 டன்தான் வருகிறது, 1.2 டன்னைக் காணோம். கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலும் 72,000 ரூபாய். பொறியாளர் விமானம் ஏறிய பிறகு இந்தக் கணக்கு எடுக்கப்பட்டால், அவர் பெயரில் பற்று எழுதுவது மிக எளிது.

ஆனால் அந்தக் கம்பி திருடு போயிருக்க வேண்டிய அவசியமில்லை. ஸ்லாபில் மேல்வரிசைக் கம்பியைத் தாங்கக் கம்பி கட்டுபவர்கள் "சேர்" வளைத்து வைப்பார்கள். வளைப்புப் பட்டியலில் இது பல நேரம் விட்டுப்போகும். ஒரு மாடிக்கு 350 சதுர மீட்டர் ஸ்லாப், சதுர மீட்டருக்கு ஒரு சேர், ஒவ்வொன்றுக்கும் 10 மி.மீ. கம்பியில் ஒரு மீட்டர். அந்தக் கம்பி மீட்டருக்கு 0.617 கிலோ. ஐந்து மாடிக்கு 1,750 சேர். எடை ஏறக்குறைய 1,080 கிலோ. மீதி 120 கிலோ, வந்த மொத்தத்தில் ஏழில் ஒரு சதவீதம்தான். கம்பி உருட்டும்போது எடையில் வரும் ஏற்ற இறக்கத்துக்குத் தர நிர்ணயமே இதைவிட அதிகம் இடம் தருகிறது. சைட்டில் இருக்கும்போது ஸ்டோர்கீப்பரையும் பொறுப்பேற்பவரையும் வைத்து யார்டு இருப்பை எடை போட்டு, இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டால் ஒரு பகலில் வேலை முடியும். ரியாத்திலிருந்து தொலைபேசியில் இதை விளக்கிப் புரியவைக்க முடியாது.

ஒப்படைப்புப் பட்டியலில் அடுத்து வர வேண்டியவை இன்னும் முடியாத வேலைகள். கடைசி மாடி ஸ்லாப் ஏப்ரல் 20-ல் போடப்பட்டது என்போம். அப்போது எடுத்த கியூப்களின் 28 நாள் சோதனை மே 18-ல் வரும். அன்று இவர் அங்கே இருக்க மாட்டார். எந்தக் கியூப் எந்த இடத்துக் காங்கிரீட், எந்தத் தொட்டியில் ஊறுகிறது, எந்தத் தேதியில் ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்பதை எண்ணோடு எழுதித் தர வேண்டும். கியூபின் மேல் பெயிண்டில் எழுதிய எண் தண்ணீரில் அழிந்துபோனால் பிறகு அது வெறும் காங்கிரீட் கட்டிதான்.

அதைவிட ஆபத்தானது முட்டு பிரிப்பது. இந்தியத் தரநிலை 456-ன்படி, சாதாரண போர்ட்லாந்து சிமென்ட்டில் 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி கொண்ட ஸ்லாபின் முட்டுகளைக் குறைந்தது 14 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் இருந்தால் 7 நாள். நம் கட்டடத்தில் வரவேற்புக்கூடத்தின் மேல் மட்டும் 5.2 மீட்டர் ஸ்லாப். அதற்கு மே 4 வரை பொறுக்க வேண்டும், அதாவது பழைய பொறியாளர் போய் இரண்டு நாள் கழித்து. மற்ற அறைகளில் 7 நாளில் பிரித்ததைப் பார்த்த சென்ட்ரிங் மேஸ்திரி, புதிதாக வந்தவரிடம் "எல்லாம் பிரிச்சாச்சு, இது மட்டும் நிக்குது, பலகை அடுத்த சைட்டுக்கு வேணும் சார்" என்று கேட்பார். புதியவருக்கு அந்த ஸ்லாபின் தேதியும் இடைவெளியும் தெரியாவிட்டால் தலையாட்டிவிடுவார். தனக்குப் பின் அங்கே வேலை செய்யப்போகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால், இந்த ஒரு வரியைப் பட்டியலின் முதல் வரியாகவே எழுதலாம். மேஸ்திரியிடம் நேரிலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மண்ணுக்குள் மறைந்துபோன வேலைகளும் உண்டு. இளகிய மண் காரணமாக நான்கு அடித்தளங்களை வரைபடத்தைவிட 30 செ.மீ. ஆழமாகத் தோண்டி, கீழே கூடுதல் காங்கிரீட் போட்டிருந்தால், அதை நேரில் பார்த்தவர் இவர்தான். கட்டட உரிமையாளர் தரப்புப் பொறியாளரும் கையெழுத்திட்ட கூட்டு அளவுப் பதிவு இல்லையென்றால் காண்ட்ராக்டருக்கு அந்தப் பணம் வராது. முன்னறிவிப்புக் காலத்தில் இப்படிப்பட்ட அளவுகளுக்குக் கையெழுத்து வாங்கித் தருபவருக்கு, சான்றிதழ் கேட்கும்போது அலுவலகம் முகம் கொடுத்துப் பேசும்.

பணத்துக்கு வருவோம். இந்தப் பொறியாளர் மே 2 வரை வேலை செய்தால் சேவை 4 ஆண்டும் 275 நாளும். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு வேண்டும் என்று சொல்லிப் பல அலுவலகங்கள் மறுத்துவிடும். ஆனால் நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதுவே ஓர் ஆண்டுத் தொடர் சேவை என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க 15,000. ஐந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். ரியாத்காரர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று முன்னறிவிப்புக்குக் காசு கட்டி மார்ச் நடுவிலேயே கிளம்பியிருந்தால் 240 நாள் நிறைந்திருக்காது, இந்தத் தொகையும் கைநழுவியிருக்கும். கடைசி நாளைக் குறிப்பதற்கு முன் சேர்ந்த தேதியை எடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சம்பள பாக்கியைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தரச் சொல்கிறது.

கடிதம் கொடுத்த பிறகு விசா நின்றுபோனால் என்ன செய்வது? விலகல் நடைமுறைக்கு வருவதற்கு முன் எழுத்து மூலம் அதைத் திரும்பப் பெறக் கேட்கலாம். கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கில், விலகலை ஏற்றதை அவருக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்பதால், அவர் திரும்பப் பெற்றது செல்லும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் காண்ட்ராக்டரிடம் இதை நம்பி இறங்குவது சரியல்ல. வேலை உத்தரவில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, மருத்துவத் தகுதியும் உறுதியான பிறகு கடிதம் கொடுப்பதே பாதுகாப்பு. ஏஜென்சி மூலம் போகிறவர் அது அரசிடம் பதிவு பெற்றதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்.

மூலச் சான்றிதழ்களைக் கடிதத்திலேயே கேட்பதற்கும் காரணம் உண்டு. வெளியுறவு அமைச்சகத்தின் சான்றளிப்பு பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியில்தான் இடப்படும், நகல் பயன்படாது. அதற்கு முன் மாநில அரசின் சரிபார்ப்பும் நடக்க வேண்டும். அலுவலக அலமாரியில் பட்டம் பூட்டிக் கிடந்தால் இந்த வரிசையில் ஒன்றும் தொடங்காது.

கடைசி நாளன்று அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நியமன உத்தரவோடும் விடுவிப்புக் கடிதத்தோடும் பொருந்த வேண்டும். பதவிப் பெயர் ஓரிடத்தில் சைட் இன்ஜினீயர், இன்னோரிடத்தில் சூப்பர்வைசர் என்று மாறியிருந்தால் வெளிநாட்டுச் சரிபார்ப்பில் கேள்வி வரும். பெயரின் எழுத்துகளும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, அலுவலகத் தொலைபேசி எண் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் சரிபார்ப்பவர்கள் அந்த எண்ணுக்கே பேசுவார்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்கில் விலகிய தேதியாக அலுவலகம் எதைப் பதிகிறது என்பதையும் அடுத்த மாதம் யு.ஏ.என். வழியே நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே மே 2 என்றில்லாமல் ஏப்ரல் 30 என்று பதிவாகியிருந்தால், திருத்தக் கோரி எழுதும் மின்னஞ்சலோடு மார்ச் 3-ல் கொடுத்த கடிதத்தின் முத்திரை இட்ட நகலை இணைத்தால் போதும்.