முதுகு நீண்ட நாய்க்குத் திடீர் வலி: நாலு வாரம் கூண்டில் இருக்கட்டும்!

குட்டைக் காலும் நீள முதுகும் கொண்ட 'டாஷ்ஹண்ட்' நாய், நேற்று வரை சோபாவில் தாவிக் கொண்டிருக்கும். இன்று தூக்கப் போனால் வீலென்று கத்தும். முதுகைக் கூனி, உடல் நடுங்கி நிற்கும். வயிற்று வலி என்று கஷாயம் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் கோளாறு முதுகெலும்பில் இருக்கிறது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல 'டிஸ்க்' எனப்படும் வட்டுகள் உள்ளன. வெளியே நார் வளையம், உள்ளே கூழ். குட்டைக்கால் இனங்களில் ஒரு வயதிலேயே இந்தக் கூழ் காய்ந்து, சுண்ணாம்பு ஏறத் தொடங்கிவிடுகிறது. இது பிறவிக் கோளாறு. வளர்ப்பவர் மீது குற்றமில்லை. பெரும்பாலும் 3 வயதுக்கு மேல் ஒரு நாள் வளையம் கிழிகிறது. உள்ளே இருப்பது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. விலா எலும்புகள் முடியும் இடத்தில்தான் இது அதிகம் நேர்கிறது. ஆகவே முன்கால்கள் நன்றாக இருக்க, பின்கால்கள் மட்டும் தள்ளாடுகின்றன.

இனிமேல்தான் தவறு நடக்கிறது. கால்நடை டாக்டர் வலிக்கு மருந்து கொடுத்து, கூண்டில் வைக்கச் சொல்கிறார். மூன்றாம் நாள் நாய் வாலை ஆட்டுகிறது. "பாவம், குணமாகிவிட்டதே" என்று வீட்டார் திறந்து விடுகிறார்கள். வாசல் மணி அடிக்கிறது. நாய் பாய்ந்து ஓடுகிறது. அன்று இரவே பின்கால்களை இழுத்துக் கொண்டு தரையில் ஊர்கிறது. மருந்து அடக்கியது வலியைத்தான். கிழிந்த நார் கூடவில்லை. ஒரே குதியில் மிச்சக் கூழும் வெளியே வந்துவிட்டது.

நார் கூடக் குறைந்தது 4 வாரம் வேண்டும். நாய் நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும். அதற்கு மேல் பெரிய கூண்டு ஆகாது. மல ஜலத்துக்கு மட்டும் தூக்கிச் சென்று, வாரைப் பிடித்தபடி சில அடி நடத்தி, திரும்பக் கொண்டு வர வேண்டும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்புறத்துக்கு. முதுகு நேராக இருக்கட்டும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரை நாய்க்கு விஷமாகலாம்.

கூண்டு எல்லாவற்றையும் தீர்க்காது. கால்கள் இழுபட்டாலோ, சிறுநீர் போகாமல் வயிறு உப்பினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அவர் பின்கால் விரலை அழுத்திக் கிள்ளிப் பார்ப்பார். கால் வெடுக்கென்று இழுத்துக் கொண்டால் உணர்ச்சி இருக்கிறது என்று வீட்டார் மகிழ்வார்கள். அது தண்டுவடத்தின் தன்னிச்சையான அசைவு மட்டுமே. நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதுதான் கணக்கு. அந்த உணர்ச்சியும் போய்விட்டால், விரைவில் அறுவை செய்தாலும் ஏறக்குறைய பாதி நாய்களே மீண்டும் நடக்கின்றன. செய்யாவிட்டால் நடப்பவை மிகச் சில. அறுவைக்குப் பிறகும் சில வாரம் கூண்டுதான்.