ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்று: ஐந்து கேட்டுகளின் வழியே ஒரு கூட்டல்

1937 நவம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற கணித அறிஞர், தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட ரிலேக்கள் இரண்டை வீட்டுக்கு எடுத்துவந்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவற்றை ஒரு பலகையில் பொருத்தினார். டார்ச் பல்புகளும் பேட்டரியும் சேர்த்தார். புகையிலை டப்பாவின் தகரத்தை வெட்டி சுவிட்ச் செய்துகொண்டார். தகரத்தை அழுத்தினால் ஒன்று, விட்டால் பூஜ்யம். இரண்டு இலக்கங்களைக் கூட்டி, பல்பு எரிவதும் அணைவதுமாக அந்தப் பலகை விடை சொன்னது.

இன்று அதே வேலையை லாஜிக் கேட்டுகளால் வரைகிறோம். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் முதல் வருடத்திலேயே சந்திக்கும் முழுக் கூட்டி, அதாவது ஃபுல் ஆடர், அப்படி ஒரு படம். அதில் இருப்பவை ஐந்தே கேட்டுகள். ஆனால் பலர் படத்தை மொத்தமாகப் பார்த்து மனப்பாடம் செய்துவிடுவதால், உள்ளே நடப்பது அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை. இதைக் கம்பி கம்பியாகத்தான் வாசிக்க வேண்டும்.

ஏன் மூன்று உள்ளீடுகள் என்பதிலிருந்து தொடங்கலாம். பள்ளியில் 47-ஐயும் 38-ஐயும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டும்போது, ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தை எழுதி ஒன்றைப் பக்கத்து இலக்கத்துக்குக் கொண்டுபோகிறோம். அங்கே நான்கையும் மூன்றையும் மட்டும் கூட்டினால் போதாது, வந்து சேர்ந்த ஒன்றையும் சேர்க்க வேண்டும். இரும எண்ணிலும் அதுதான் கதை. மேல் இலக்கம் A, கீழ் இலக்கம் B, வலப்பக்கத்திலிருந்து வந்த மிகுதி C. வெளியே வருபவை இரண்டு: இந்த இடத்தில் எழுத வேண்டிய இலக்கம் S, இடப்பக்கத்துக்கு அனுப்ப வேண்டிய மிகுதி Cout.

படத்தில் மூன்று வடிவங்கள் கண்ணில் படும். பின்பக்கம் நேராகவும் முன்பக்கம் அரைவட்டமாகவும் இருப்பது அண்ட் கேட். அதன் இரண்டு உள்ளீடுகளும் 1 ஆனால்தான் வெளியீடு 1. பின்பக்கம் உள்வாங்கி, முன்பக்கம் கூராக இருப்பது ஆர் கேட். உள்ளீடுகளில் ஒன்றாவது 1 என்றால் வெளியீடு 1. அதே ஆர் வடிவத்தின் பின்னால் கூடுதலாக ஒரு வளைகோடு இருந்தால் அது எக்ஸார் கேட். இரண்டு உள்ளீடுகளும் வேறுவேறாக இருந்தால் மட்டும் 1 தரும், ஒன்றுபோல் இருந்தால் 0. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்களே, அந்த இணைப்பு செய்வது இந்த எக்ஸார் வேலையைத்தான். எந்த ஒரு சுவிட்சை மாற்றினாலும் விளக்கின் நிலை மாறும், இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழைய நிலைக்கே வரும்.

கோடுகளிலும் ஒரு விஷயம் உண்டு. இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் கருப்புப் புள்ளி இருந்தால் அவை இணைந்த கம்பிகள். புள்ளி இல்லையென்றால் ஒன்றை ஒன்று தொடாமல் தாண்டிப் போகின்றன. முழுக் கூட்டியில் A கோடு புள்ளியில் பிரிந்து ஒரு எக்ஸாருக்கும் ஒரு அண்டுக்கும் போகிறது. B கோடும் அப்படியே. வழியில் இவை ஒன்றை ஒன்று தாண்டுகின்றன. அந்தத் தாண்டலை இணைப்பு என்று நினைத்துவிட்டால் A-யும் B-யும் ஒரே கம்பி ஆகிவிடும், சுற்றே அர்த்தமிழந்துவிடும்.

இனி வாசிக்கும் முறை. நடுவில் இருக்கும் பெயரில்லாத கம்பிகளுக்கெல்லாம் பெயர் வையுங்கள். இந்தப் படத்தில் அப்படி மூன்று உண்டு, நான் P, Q, R என்று வைக்கிறேன். அப்போது படம் முழுவதும் ஐந்து வரிகளுக்குள் அடங்கிவிடும்:

```
P    = A XOR B
Q    = A AND B
R    = P AND C
S    = P XOR C
Cout = Q OR R
```

விதி ஒன்றுதான். ஒரு கேட்டுக்குள் நுழையும் எல்லாக் கம்பிகளின் மதிப்பும் தெரியும்வரை அந்தக் கேட்டைத் தொடக் கூடாது. A=1, B=0, C=1 என்று வைத்துப் பார்ப்போம். ஆரம்பத்தில் தெரிந்தவை இந்த மூன்று மட்டுமே. ஆகவே இப்போது கணக்கிடக் கூடியவை A, B இரண்டும் நுழையும் கேட்டுகள்தான். எக்ஸாரில் 1-ம் 0-ம் வேறுவேறு, எனவே P=1. கம்பியின் மேலேயே பென்சிலால் 1 என்று எழுதிவிடுங்கள். அண்டில் ஒன்று 0, எனவே Q=0. P தெரிந்துவிட்டதால் அடுத்த இரண்டு கேட்டுகளுக்கு வழி திறந்துவிட்டது. P=1, C=1 இரண்டும் அண்டில் நுழைய R=1. அதே இரண்டும் எக்ஸாரில் நுழைய, ஒன்றுபோல் இருப்பதால் S=0. கடைசியாக ஆர் கேட்: Q=0, R=1, ஆகவே Cout=1. மிகுதியை முன்னால் வைத்து எழுதினால் 10. இரும எண்ணில் அது இரண்டு. கூட்டியது 1, 0, 1. சரியாக வந்துவிட்டது.

மூன்றுமே 1 என்றால்? P இப்போது 0, Q=1. P பூஜ்யம் என்பதால் R=0. S என்பது 0-க்கும் 1-க்குமான எக்ஸார், அது 1. Cout-ம் 1. விடை 11, அதாவது மூன்று.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எனக்கு இந்தச் சுற்றில் மிகப் பிடித்த விஷயம் தெரியும். மிகுதி இரண்டு பாதைகளில் பிறக்கலாம். A-யும் B-யும் தாங்களே உண்டாக்குவது Q. அவற்றில் ஒன்று மட்டும் 1-ஆக இருந்து, வந்த மிகுதியோடு சேர்ந்து உண்டாவது R. Q 1 ஆக வேண்டுமென்றால் A-யும் B-யும் 1 ஆக வேண்டும். அப்போது P பூஜ்யமாகிவிடும், R-க்கு வழியே இல்லை. எட்டு விதமான உள்ளீடுகளில் எதிலும் Q, R இரண்டும் சேர்ந்து 1 ஆகாது.

இதனால் கைமேல் ஒரு பலன் உண்டு. ஆருக்கும் எக்ஸாருக்கும் வித்தியாசம் இரண்டு உள்ளீடுகளும் 1-ஆக இருக்கும்போது மட்டும்தான். அந்த நிலை இங்கே வருவதே இல்லை என்பதால், கடைசி ஆர் கேட்டை எடுத்துவிட்டு எக்ஸாரைப் போட்டாலும் விடை மாறாது. பிரெட்போர்டில் இதைச் செய்பவர்கள் எக்ஸாருக்கு 7486, அண்டுக்கு 7408, ஆருக்கு 7432 என்று மூன்று ஐசி வாங்குவார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு கேட்டுகள். 7486-ல் இரண்டு கேட்டுகள் சும்மா கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை ஆருக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் 7432 தேவையே இல்லை.

சரி, கட்டி முடித்த சுற்று சரியாக வேலை செய்கிறது என்று எப்படி உறுதிசெய்வது? பலர் மூன்று சுவிட்சுகளையும் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டு எல்இடியும் எரிந்தால் திருப்தி. இது ஏமாற்றும் சோதனை. R கம்பி பிடுங்கிக்கொண்டு வந்து, அது நுழைய வேண்டிய இடம் எப்போதும் 0-ஆகவே இருக்கிறது என்று வையுங்கள். 1, 1, 1 கொடுத்தால் R எப்படியும் 0-ஆகத்தான் இருக்க வேண்டும், ஆகவே விடை சரியாகவே வரும். எட்டு வரிசைகளில் இரண்டில் மட்டுமே கோளாறு தெரியும்: A, B-யில் ஒன்று மட்டும் 1-ஆகவும் C 1-ஆகவும் இருக்கும் வரிசைகளில். அங்கே இரண்டு எல்இடியும் அணைந்து, இரண்டுக்குப் பதிலாகப் பூஜ்யம் காட்டும். உண்மை அட்டவணையின் எட்டு வரிசைகளையும் போட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான். எந்த வரிசைகள் தவறுகின்றன என்பதைக் கொண்டே எந்தக் கம்பியில் கோளாறு என்று சொல்லிவிடலாம். S எட்டிலும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் P-யும் நன்றாகவே இருக்கிறது, தேட வேண்டியது R-ன் பக்கம்.

இன்னொரு கோளாறு இதைவிட அதிகமாக நடப்பது. மூன்று சுவிட்சுகளும் அணைந்திருக்க, S மட்டும் எரியும். எங்கோ ஓர் உள்ளீட்டுக் கம்பி எதிலும் சேராமல் தொங்குகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். டிடிஎல் வகை ஐசிகளில், உதாரணமாக 74எல்எஸ் வரிசையில், இணைக்காமல் விட்ட உள்ளீடு பெரும்பாலும் 1-ஆகவே நடந்துகொள்ளும். சீமாஸ் வகையான 74ஹெச்சி வரிசையில் அதுவும் நிச்சயமில்லை, கையை அருகில் கொண்டுபோனாலே மாறக்கூடும். பூஜ்யம் வேண்டுமென்றால் கம்பியைக் கிரவுண்டில் சேர்த்தாக வேண்டும். சும்மா விடுவது பூஜ்யம் ஆகாது.

இதுவரை எல்லாக் கேட்டுகளும் உடனுக்குடன் விடை தருவதுபோல் பேசினோம். உண்மையில் ஒவ்வொரு கேட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். பழைய டிடிஎல் ஐசிகளில் அது சுமார் பத்து நானோ விநாடி. ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒற்றை முழுக் கூட்டியில் இதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் நான்கைச் சங்கிலியாக இணைத்து, ஒன்றின் Cout அடுத்ததன் C-யாகும்படி செய்தால், விளைவு பெரிதாகிவிடும்.

அதில் 7-ஐயும் 1-ஐயும் கூட்டுவோம். இரும எண்ணில் 0111, 0001. மிகுதி எதுவும் இன்னும் நகராத முதல் கணத்தில், ஒவ்வொரு இடத்திலும் வெறும் A, B-யின் எக்ஸார் மட்டுமே தெரியும்: 0110. அதாவது ஆறு. வலக்கோடியில் பிறந்த மிகுதி இரண்டாம் இடத்துக்கு வந்ததும் அது 0100 ஆகிறது, நான்கு. இன்னும் ஓர் இடம் நகர்ந்ததும் 0000, பூஜ்யம். கடைசி இடத்தை எட்டியபின்தான் 1000, எட்டு. ஏழும் ஒன்றும் எத்தனை என்று கேட்டால், சுற்று ஆறு, நான்கு, பூஜ்யம் என்று மூன்று தவறான விடைகளைச் சொல்லிவிட்டுத்தான் சரியான விடைக்கு வருகிறது. ஒவ்வொரு கேட்டும் தன் விதிப்படிதான் நடந்திருக்கிறது. தன்னிடம் அந்தக் கணம் இருந்த உள்ளீடுகளுக்குச் சரியான பதிலையே தந்திருக்கிறது.

அதனால்தான் கணினியின் செயலிக்குள் கூட்டல் முடிந்தவுடன் விடையை எடுத்துக்கொள்வதில்லை. கடிகாரத் துடிப்பு ஒன்று வரும்வரை காத்திருந்து, மிகுதி கடைசி இடம்வரை போய்ச் சேர்ந்தபின் விடையைப் பதிவு செய்கிறார்கள். 64 இலக்கங்களுக்கு இப்படி ஒவ்வொன்றாக நகரவிட்டால் காத்திருப்பு மிக நீண்டுவிடும் என்பதால், மிகுதியை முன்கூட்டியே கணிக்கும் தனிச் சுற்றுகளைப் பக்கத்தில் வைக்கிறார்கள். அவற்றுக்கு அடிப்படை, நாம் மேலே பெயர் வைத்த அதே இரண்டு கம்பிகள்: இந்த இடம் தானே மிகுதியை உண்டாக்குமா என்று சொல்லும் Q, வருகிற மிகுதியைக் கடத்திவிடுமா என்று சொல்லும் P. இவை இரண்டும் C வருவதற்கு முன்பே எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் தயாராகிவிடும்.