ஷாட்டில் சிக்கிய பாட்டில்

2019 மே மாதம் வெளியான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எபிசோடு ஒன்றில், விருந்து மேசை மேல் காகிதக் காபி கோப்பை ஒன்று அப்படியே இருந்துவிட்டது. ரசிகர்கள் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே, இரண்டு நாளுக்குள் ஸ்ட்ரீமிங் பிரதியிலிருந்து அது காணாமல் போனது.

கேமரா அசையாத ஷாட் என்றால் இது எளிய வேலை. ஒரு ஃப்ரேமில் கோப்பையை அழித்துச் சரிசெய்து, அந்தத் துண்டை மற்ற ஃப்ரேம்கள் மேலும் வைத்துவிடலாம். கேமரா நகரும்போதுதான் தலைவலி.

ஓர் உதாரணம். கதை நடப்பது 1950களில். கேமரா ஐந்து விநாடி வலப்பக்கமாக நகர்கிறது. திண்ணை விளிம்பில் யாரோ வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அதற்கு ஓரடி பின்னால் காரை பெயர்ந்த சுவர். விநாடிக்கு 24 வீதம் 120 ஃப்ரேம்கள். ஒவ்வொன்றிலும் பாட்டில் வேறு இடத்தில்.

முதலில் பாட்டிலையும் அதன் நிழலையும் சேர்த்து ஒரு மாஸ்க், அதாவது எல்லைக்கோடு, வரைய வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அந்த மாஸ்க்கை வலது கிளிக் செய்து Track Mask கொடுத்து, டிராக்கிங்கைத் தொடங்கினால், மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்துக் கோட்டை நகர்த்திக்கொண்டே போகும். எதை மறைப்பது என்பது இதில் தீர்ந்துவிடும். எதை வைத்து மறைப்பது?

கேமரா வலப்பக்கம் போகும்போது, அருகிலுள்ள பாட்டில் திரையில் சுவரைவிட வேகமாக இடப்பக்கம் விலகும். ஆகவே முதல் ஃப்ரேமில் பாட்டில் மறைத்த சுவர், பின்னால் வரும் ஃப்ரேம்களில் தானே வெளிப்படும். அந்தத் துண்டை அங்கிருந்து எடுத்து முதல் ஃப்ரேமில் ஒட்டலாம். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: ஒட்டிய துண்டையும் பாட்டிலின் டிராக்கோடு கட்டிவிடுகிறார்கள். பாட்டில் போய்விடும், ஆனால் காரைக் கறை சுவர் மேல் ஊர்ந்து போகும். மாஸ்க் பாட்டிலைத் தொடர வேண்டும்; ஒட்டு சுவரைத் தொடர வேண்டும். அதனால் சுவருக்குத் தனியாக இன்னொரு டிராக் தேவை. மோக்கா போன்ற மென்பொருள்கள் ஒரு புள்ளியை அல்ல, சமதளப் பரப்பு முழுவதையும் பின்தொடர்வதால் இதற்குக் கச்சிதம்.

பிழை சிறிதாக இருந்தாலும் சேர்ந்துகொண்டே போகும். ஃப்ரேமுக்கு 0.05 பிக்சல் ஒரே பக்கம் விலகினால், 120 ஃப்ரேமில் 6 பிக்சல். முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் ஒப்பிட்டால் இது பிடிபடும்.

இன்னொன்று கிரெயின். இருட்டுக் காட்சியில் படம் முழுக்க மணல்போல் துகள்கள் துடிக்கும். ஒரே ஃப்ரேமிலிருந்து எடுத்த ஒட்டில் அவை உறைந்து நிற்கும். நிறுத்திப் பார்த்தால் குறையே தெரியாது, ஓடவிட்டால்தான் அந்த இடம் செத்துக் கிடப்பது கண்ணில் படும். ஒட்டின் கிரெயினை நீக்கிவிட்டு, காட்சிக்கு ஒத்த புதிய கிரெயினைச் சேர்ப்பதே இதற்கு வழி.