பாதி கரண்ட், அதே பில்

பொருட்காட்சிகளிலும் சந்தைகளிலும் சிறிய பெட்டி ஒன்றை விற்கிறார்கள். அதை பிளக்கில் செருகிவைத்தால் மின்கட்டணம் பாதியாகும் என்பது விளம்பரம். விற்பவர் வாயால் சொல்வதோடு நிறுத்துவதில்லை, கண்ணெதிரே செய்தும் காட்டுகிறார். சோக் வைத்த பழைய டியூப் லைட் ஒன்று எரிகிறது. அதற்குப் போகும் ஒற்றை வயரை டாங் டெஸ்டரின் வாய்க்குள் விட்டால் 0.43 ஆம்பியர் என்று காட்டுகிறது. பெட்டியைச் செருகியதும் எண் 0.21-க்கு இறங்கிவிடுகிறது. வெளிச்சம் துளியும் குறையவில்லை. கூட்டத்தில் சிலர் பர்ஸை எடுக்கிறார்கள்.

டாங் டெஸ்டர் பொய் சொல்லவில்லை. கரண்ட் நிஜமாகவே பாதியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியை வாங்கிப்போகிறவர் வீட்டில் பில் குறையப்போவதில்லை. இது எப்படி என்று தெரிந்துகொள்ள டியூப் லைட்டின் சோக்கைக் கொஞ்சம் கவனித்தால் போதும். தொழிற்சாலை இன்ஜினியர்கள் தினமும் பேசும் ‘பவர் ஃபேக்டர்’ முழுவதும் அந்தக் கம்பிச் சுருளுக்குள் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்று படித்திருப்போம். குண்டு பல்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அது சரியாகவே வரும். டியூப் லைட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டை 0.43-ஆல் பெருக்கினால் 99 வருகிறது. ஆனால் டியூப்பின் மேல் அச்சிட்டிருப்பது 36 வாட். சோக் சூடாவதில் இன்னொரு 10 வாட் போகிறது என்று வைத்தாலும் மொத்தம் 46 வாட்தான். 99 என்ற எண்ணுக்கும் 46 என்ற எண்ணுக்கும் இடையில் இருப்பது என்ன?

வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம். அதன் வோல்டேஜ் ஒரு திசையில் ஏறி இறங்கி, பிறகு எதிர்த் திசையில் ஏறி இறங்கும். இப்படி நொடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். குண்டு பல்பில் கரண்ட் வோல்டேஜோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சோக் அப்படியல்ல. இரும்புத் தகடுகளின் மேல் பல நூறு சுற்று தாமிரக் கம்பி சுற்றிய சுருள் அது. கரண்ட் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தை எதிர்த்துச் சுருளுக்குள்ளேயே ஒரு வோல்டேஜ் பிறக்கும். அதனால் வோல்டேஜ் ஒரு திசையில் இருக்கும்வரை சுருளின் கரண்ட் மெல்ல மெல்ல அந்தத் திசையில் ஏறிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் சுழிக்கு வந்த பிறகுதான் கரண்ட் தன் உச்சத்தைத் தொடும். வெறும் சுருள் மட்டும் இருந்தால் கரண்ட் கால் சுற்று, அதாவது 5 மில்லிசெகண்ட், பின்தங்கும். டியூப்பும் சேர்ந்திருப்பதால் இங்கே சுமார் மூன்றரை மில்லிசெகண்ட் பின்தங்குகிறது.

இந்தச் சின்னப் பின்தங்கலில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கணத்தில் எவ்வளவு மின்திறன் போகிறது என்பதை அந்தக் கணத்தின் வோல்டேஜையும் அதே கணத்தின் கரண்டையும் பெருக்கித்தான் சொல்ல முடியும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் மின்கம்பத்திலிருந்து விளக்குக்கு ஆற்றல் வருகிறது. வோல்டேஜ் திசை மாறிய பிறகும் கரண்ட் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் ஆற்றல் விளக்கிலிருந்து மின்கம்பத்துக்குத் திரும்பிப் போகிறது. நம் டியூப் லைட்டில் ஒவ்வொரு 10 மில்லிசெகண்டிலும் மூன்றரை மில்லிசெகண்ட் இப்படித் திரும்பிப் போகும் நேரம்.

திரும்பிப் போக அந்த ஆற்றல் எங்கே இருந்தது? சோக்கின் காந்தப்புலத்தில். கரண்ட் ஏறும்போது புலம் வலுக்கிறது, ஆற்றல் அதில் சேர்கிறது. கரண்ட் இறங்கும்போது புலம் சுருங்கி, சேர்த்ததை விட்டுக்கொடுக்கிறது. உச்சத்தில் அதில் இருப்பது கால் ஜூலுக்குச் சற்று அதிகம், ஒரு கிலோ எடையை மூன்று சென்டிமீட்டர் தூக்கப் போதுமான அளவு. இந்தக் கொடுக்கல் வாங்கல் நொடிக்கு 100 முறை நடக்கிறது. முடிவில் சுருளில் எதுவும் மிச்சமில்லை, எதுவும் செலவாகவும் இல்லை.

உண்மையில் ஒளியாகவும் சூடாகவும் செலவாகிற 46 வாட்டுக்கு மெய்த்திறன் என்று பெயர். வந்து வந்து திரும்புகிற பங்குக்கு எதிர்வினைத் திறன் என்று பெயர். டாங் டெஸ்டர் காட்டும் கரண்டை வோல்டேஜோடு கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினால் வரும் 99, தோற்றத் திறன். அது வாட் அல்ல என்பதை நினைவூட்டவே வோல்ட்-ஆம்பியர் என்ற அலகில் சொல்கிறார்கள்.

99-லிருந்து 46-ஐக் கழித்து எதிர்வினைத் திறன் 53 என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. வேலை செய்யும் கரண்டும் காந்தப்புலத்துக்கான கரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, கால் சுற்று தள்ளித்தான் வருகின்றன. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது சுழியில் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்க்கும்போது செங்கோண முக்கோணத்தின் கணக்குப்படியே கூட்ட வேண்டும். 46-இன் வர்க்கமும் 87-இன் வர்க்கமும் சேர்ந்தால் ஏறக்குறைய 99-இன் வர்க்கம். ஆக எதிர்வினைத் திறன் 87. கரண்டாகச் சொன்னால், வேலை செய்வது 0.20 ஆம்பியர், போய் வருவது 0.38 ஆம்பியர், இரண்டும் கலந்து வயரில் ஓடுவது 0.43 ஆம்பியர். 46-ஐ 99-ஆல் வகுத்தால் வரும் 0.46 சொச்சம்தான் திறன் காரணி, அதாவது பவர் ஃபேக்டர். வயரில் ஓடும் கரண்ட் எந்த அளவுக்குப் பயனாகிறது என்பதைச் சொல்லும் எண் இது. குண்டு பல்புக்கு இது 1.

சோக் ஒரு வீண் பொருள் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. டியூப் ஒருமுறை பற்றிக்கொண்டால் அதன் வழியே கரண்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வேலையைச் சாதாரண மின்தடைக்குக் கொடுத்தால் அது 50 வாட்டுக்கு மேல் சூடாகவே தீர்த்துவிடும். சோக்கோ 10 வாட்டில் முடிக்கிறது. அந்தச் சிக்கனத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் எதிர்வினைத் திறன்.

இப்போது பெட்டிக்கு வருவோம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர்தான். ஃபேனுக்குப் போடும் கண்டன்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும், அதே வகை. சுருளுக்கு நேர் எதிரான குணம் அதற்கு. அதில் கரண்ட் வோல்டேஜை முந்திக்கொண்டு போகும். சோக் ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும் நேரம், கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்ளும் நேரம். சோக்குக்கு வேண்டும்போது அது திருப்பிக் கொடுக்கும். மின்கம்பம் வரை போய் வந்த பங்கு இப்போது இவ்விரண்டுக்குள்ளேயே கைமாறிக்கொள்கிறது. 4.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 75 அளவு எதிர்வினைத் திறனைத் தரும். 87-இல் 75 போக மிச்சம் 12. மறுபடி முக்கோணக் கணக்குப் போட்டால் தோற்றத் திறன் 48, கரண்ட் 0.21 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.96. டாங் டெஸ்டர் காட்டிய எண் இதுதான். சோக்குக்குள் இப்போதும் அதே 0.43 ஆம்பியர் ஓடுகிறது. குறைந்தது கெப்பாசிட்டருக்குப் பின்னால், மின்கம்பத்தை நோக்கிய வயரில் மட்டும்.

இந்த மூன்று எண்களில் மாறாமல் நின்றது மெய்த்திறன் ஒன்று. முன்பும் 46, இப்போதும் 46. வீட்டு மீட்டர் யூனிட்டாக எண்ணுவது அதை மட்டுமே. மீட்டர் கணத்துக்குக் கணம் வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கிக் கூட்டுகிறது, திரும்பிப் போனதைக் கழிக்கிறது. தட்டு சுற்றிய பழைய மீட்டரும் இதைத்தான் செய்தது.

வயரில் கரண்ட் குறைந்தால் வயர் சூடாவதாவது குறையாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. குறையும். மீட்டரிலிருந்து விளக்குக்கு 20 மீட்டர் தூரம், 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் என்று வைத்துக்கொள்வோம். போக வர அதன் மின்தடை அரை ஓமுக்கும் குறைவு. கெப்பாசிட்டரை விளக்கின் அருகிலேயே வைத்தால் மிச்சமாவது 0.07 வாட். தினம் எட்டு மணி நேரம் எரித்தால் ஒரே ஒரு யூனிட் மிச்சமாக ஐந்து ஆண்டு ஆகும்.

சோதிப்பதும் எளிது. எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண்சிமிட்டும். பல மீட்டர்களில் பக்கத்தில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருக்கும். யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டியூப் லைட்டை மட்டும் எரியவிட்டால் சுமார் 24 நொடிக்கு ஒரு சிமிட்டல் வரும். பெட்டியைச் செருகிய பிறகு மறுபடி எண்ணுங்கள். அதே 24 நொடிதான். விற்பவர் டாங் டெஸ்டரைக் காட்டுகிறார், மீட்டரைக் காட்டுவதில்லை. தெரிந்தே செய்யும் ஏமாற்று என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் கெப்பாசிட்டரால் யாருக்கு லாபம்? கரண்டுக்கே விலை கொடுக்கிறவர்களுக்கு. சோக் வைத்த டியூப் லைட் நூறு போட்ட கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எரிவது 4.6 கிலோவாட்தான். ஆனால் ஜெனரேட்டரிலிருந்து இழுப்பது 43 ஆம்பியர், கிட்டத்தட்ட 10 கே.வி.ஏ. ஐந்து கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாங்காது. அதன் சுருளும் வயரும் கரண்டால்தான் சூடாகின்றன, அந்தக் கரண்ட் உழைக்கிறதா, சும்மா போய்வருகிறதா என்று அவை பார்ப்பதில்லை. ஒவ்வொரு விளக்கிலும் கெப்பாசிட்டர் இருந்தால் அதே மண்டபத்துக்கு 21 ஆம்பியர் போதும். மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே நிலைமைதான். அதனால்தான் தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு உச்சத் தேவையை கே.வி.ஏ.வில் கணக்கிடுகிறார்கள், பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் கூடுதல் தொகையும் வசூலிக்கிறார்கள். மோட்டார்கள் நிறைந்த ஆலையில் கெப்பாசிட்டர் வரிசை வரிசையாக நிற்பதன் காரணம் இது.

அங்கேயும் அளவு முக்கியம். நம் டியூப் லைட்டுக்கே இரு மடங்காக 9 மைக்ரோஃபாரட் போட்டால் கரண்ட் 0.21-இலிருந்து மறுபடி 0.34-க்கு ஏறிவிடும். இப்போது முந்திக்கொண்டு போகும் கரண்ட் அது, அவ்வளவுதான் வித்தியாசம். எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர் போன்றவற்றின் கதை வேறு. அவை கரண்டை அலையாக இழுக்காமல் கூரிய துடிப்புகளாக இழுக்கின்றன. அங்கே பவர் ஃபேக்டர் குறைந்தால் கெப்பாசிட்டர் போட்டுச் சரிசெய்ய முடியாது.

பழைய டியூப் லைட் பட்டியிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டப்போகிறீர்களா? சோக்கோடு உள்ளே கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் 0.1 ஆம்பியர்கூட இழுக்காத விளக்குக்காக 0.33 ஆம்பியர் வயரில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம். அதனால் அந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.