ஆங்கில வினையின் காலங்கள் – 9: முடிக்கும் முன்பே

நடந்ததை மட்டும் சொல்வது சிம்பிள் பாஸ்ட் எனப்படும் சாதாரண இறந்தகாலம் என்பதும், நடந்த ஒன்றுக்கும் முன்னரே நடந்து முடிந்ததைச் சொல்வது ‘ஹேட்’ சேர்ந்த பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்பதும் சென்ற இதழ்களில் விளக்கப்பட்டவை. ‘நேற்று வந்திருந்தார்’ என்னும் தமிழ் வழக்கு ஆங்கிலத்துக்குள் நுழையும் விதம் இவ்வாரத்துக்கு உரியதாக அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும், ‘முந்தி நடந்ததற்கே ஹேட்’ என்று மனப்பாடம் செய்த விதியைத் தலைகீழாக்கும் ஒரு வாக்கியம் அதற்கு முன்பாகத் தெளிவுபட வேண்டியிருக்கிறது.

சார்லஸ் டிக்கன்ஸ் தமது கடைசி நாவலான ‘எட்வின் ட்ரூடின் மர்மம்’ என்பதைப் பன்னிரண்டு மாதப் பகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டிருந்தார். 1870 ஏப்ரலில் முதல் பகுதி வந்தது. ஜூன் 8 அன்று கேட்ஸ் ஹில் இல்லத் தோட்டத்தின் மரக்குடிலில் அமர்ந்து எழுதிய அவர், அன்று மாலை உணவு வேளையில் நிலைகுலைந்து சரிந்து, மறுநாள் உயிர் நீத்தார். அப்போது மூன்று பகுதிகள் வெளிவந்திருந்தன. மேலும் மூன்று கையெழுத்தில் இருந்தன. அவை செப்டம்பர் வரை வெளிவந்தபின் கதை பாதியிலேயே நின்றது.

இந்தச் செய்தியை ‘வென் டிக்கன்ஸ் டைடு, ஹி ரோட் சிக்ஸ் பார்ட்ஸ்’ என்று எழுதினால், இரு வினைகளும் சாதாரண இறந்தகாலத்தில் இருப்பதால், அவர் இறந்ததும் ஆறு பகுதிகளை எழுதினார் என்னும் பொருந்தாப் பொருள் பிறக்கிறது. ‘வென்’ என்னும் இணைப்புச் சொல் எது முந்தியது என்பதைத் தானாகச் சொல்லாது. ஆகவே ‘ஹி ஹேட் ரிட்டன் சிக்ஸ் பார்ட்ஸ்’ என்று எழுதும்போதுதான் எழுத்து முந்தியது, இறப்பு பிந்தியது என்று வரிசை நேராகிறது. ‘ஆஃப்டர்’ வரும் வாக்கியத்தில் அச்சொல்லே வரிசையைக் காட்டிவிடுவதால், ‘ஹேட்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழையில்லை.

‘பிஃபோர்’ வரும்போதுதான் விதி தடுமாறுகிறது. ‘ஹி ஹேட் ரிட்டன் சிக்ஸ் பார்ட்ஸ் பிஃபோர் ஹி டைடு’ என்பதில் முந்திய செயலே ‘ஹேட்’ பெறுகிறது. ஆனால், ‘ஹி டைடு பிஃபோர் ஹி ஹேட் ஃபினிஷ்டு தி நாவல்’ என்பதும் சரியான ஆங்கிலமே. விதியை மட்டும் நம்பித் திருத்துபவர் இதைப் படித்தால், நாவலை முடித்தது முந்தியது என்று கணக்கிட்டு வாக்கியத்தைத் தவறெனக் கோடிடக்கூடும். உண்மையில் இங்கே ‘ஹேட் ஃபினிஷ்டு’ நடந்த செயலைக் குறிக்கவில்லை. முடிவு என்னும் நிலை எட்டப்படுவதற்குள் மற்றொன்று குறுக்கிட்டது என்பதையே குறிக்கிறது. ‘பிஃபோர் ஹி ஃபினிஷ்டு’ என்றும் எழுதலாம். அதிலும் பிழையில்லை, எனினும் ‘ஹேட்’ சேரும்போது முழுமை பெறாமை அழுத்தம் பெறுகிறது.

இந்நுட்பம் தமிழருக்கு அந்நியமானதன்று. ‘எழுதிய பின்’ என்று இறந்தகாலப் பெயரெச்சம் கொள்ளும் தமிழ், ‘முன்’ வரும்போது ‘எழுதிய முன்’ என்று ஒருபோதும் சொல்லாது. ‘எழுதும் முன்’ என்றே சொல்லும். பேசப்படும் நிகழ்ச்சி எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தாலும், ‘முன்’ என்னும் சொல்லின் இடத்தில் நின்று பார்க்கும்போது அந்தச் செயல் இன்னும் நடக்காதது என்பதால் ‘செய்யும்’ என்னும் வாய்பாடே வருகிறது. ‘நாவலை முடிக்கும் முன்பே இறந்தார்’ என்னும் தொடரைக் கேட்கும் எந்தத் தமிழரும் அவர் நாவலை முடித்ததாகக் கருதமாட்டார். தமிழ் வினை வடிவத்தை மாற்றி உணர்த்தும் இதே குறிப்பை ஆங்கிலம் ‘ஹேட்’ கொண்டு முழுமையின் பக்கத்திலிருந்து உணர்த்துகிறது. இரு மொழிகளும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே பொருளில் சந்திப்பது இலக்கணத்தின் அழகுகளில் ஒன்று.

முந்திய செயல்கள் இரண்டு வரும் வாக்கியத்தில் மற்றொரு கவனம் தேவை. ‘வென் ஹி டைடு, த்ரீ பார்ட்ஸ் ஹேட் கம் அவுட் அண்ட் ஹி ஹேட் ரிட்டன் த்ரீ மோர்’ என்பதில் இரண்டு ‘ஹேட்’களும் இறப்புக்கு முந்தியவை என்று மட்டுமே காட்டுகின்றன, வெளிவந்தது முந்தியதா, மேலும் மூன்று எழுதியது முந்தியதா என்பதை அவை சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமாயின் ‘தென்’, ‘ஆஃப்டர்’ போன்ற சொல் வேண்டும். ‘ஹேட்’டுக்கு மேல் இன்னொரு ‘ஹேட்’ அடுக்க ஆங்கிலத்தில் வழியில்லை. ஆகவே சரிபார்ப்பவர் முதலில் இணைப்புச் சொல்லைப் பார்க்க வேண்டும். அடுத்து எந்த நிகழ்ச்சியிலிருந்து பின்னோக்கிப் பார்க்கப்படுகிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். வினையின் வடிவம் அதற்குப் பின்பே சோதிக்கப்பட வேண்டியது.

அவ்வாறு பின்னோக்கிப் பார்க்க ஒரு நிகழ்ச்சியும் இல்லாதபோது ‘ஹேட் கம் யெஸ்டர்டே’ என்று எழுதப்படுவது ஏன் என்னும் கேள்வியும், ‘வந்திருந்தார்’ என்பதன் மரியாதைச் சாயலும் அடுத்த இதழில்.