எட்டு எட்டாகக் குல்ஃபி

இரண்டு லிட்டர் கொழுப்புள்ள பாலை அடிகனமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுண்டவிட்டு, 150 கிராம் சர்க்கரை சேர்த்தால் 60 மில்லி அச்சுகள் சுமார் பதினாறு நிறையும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் அதை ஒரே நாளில் உறையவைக்க ஆசைப்படக் கூடாது.

அந்தச் சின்ன ஃபிரீசர் ஒரே மூச்சில் அவ்வளவு சூட்டையும் இழுக்காது. மெல்ல உறைந்தால் பாலிலுள்ள நீர் பெரிய பனித்துகள்களாகத் திரளும், கடித்தால் நறநறக்கும். ஆகவே கலவையை ஆறவைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நன்கு குளிரவிட்டு, முதலில் எட்டு அச்சுகள் மட்டும் உள்ளே போகட்டும். மிச்சம் மூடிய பாத்திரத்தில் கீழேயே காத்திருக்கலாம், மறுநாள் அதன் முறை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் பெரிய தொல்லை!

மின்வெட்டுக்கு ஒரு உபாயம்: கிண்ணத்தில் உறைந்த தண்ணீரின்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அது அடியில் கிடந்தால், குல்ஃபி உருகி மறுபடி உறைந்திருக்கிறது. எவ்வளவு நேரம் உருகிக் கிடந்ததோ தெரியாது. பால் பண்டம், கொட்டிவிடுங்கள்.